கறுப்புக் கட்டத்துக்கு அடியில் இருந்த பெயர்

விசாரணை அறிக்கையை எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிய அன்று மாலையே தொலைபேசி வந்தது. குழுவில் என்னோடு வேலை செய்யும் இளைஞர். "அக்கா, அந்த அறிக்கையைப் போன்லதான் திறந்தேன். ஏழாவது பக்கத்துல ஒரு வரியை எடுத்து இன்னொருத்தருக்கு அனுப்பலாம்னு தொட்டுப் பிடிச்சேன். கட்டத்துக்குள்ள இருந்த பேரும் சேர்ந்து வந்துடுச்சு" என்றார். ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை.

அது 24 பக்க அறிக்கை. பணியிடத்தில் நடந்த ஒரு துன்புறுத்தல் பற்றிய புகார். புகார் கொடுத்தவருக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் 'உங்கள் பெயர் வெளியே போகாது' என்று வாக்குக் கொடுத்திருந்தோம். குழுவின் செயலாளர் என்ற முறையில் மறைக்கும் வேலை என்னுடையது. மூன்று பெயர்கள், இரண்டு தொலைபேசி எண்கள், ஒரு முகவரி. எல்லாவற்றின் மேலும் கறுப்புக் கட்டம் போட்டு, 41 பேருக்கு அனுப்பியிருந்தேன்.

இதில் நான் கவனமில்லாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. பிடிஎஃப் படிக்கும் மென்பொருளில் செவ்வகம் வரைந்தால், அடுத்தவர் அதைச் சுட்டியால் பிடித்து நகர்த்திவிடலாம் என்பது எனக்குத் தெரியும். அதனால் கட்டங்களைப் போட்ட பிறகு, அந்தக் கோப்பை மறுபடி 'பிரின்ட்' கொடுத்து, பிரின்டருக்குப் பதிலாகப் புதிய பிடிஎஃப் ஆகச் சேமித்தேன். புதிய கோப்பில் கட்டத்தை நகர்த்த முடியவில்லை. அழிக்கவும் முடியவில்லை. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். நான் செய்த தவறு சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது. இன்றும் பலர் செய்வது அதுவே என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிடிஎஃப் பக்கம் என்பது ஒரு படம் அல்ல. அது வரிசையாக எழுதப்பட்ட கட்டளைகள். 'இந்த எழுத்துருவை எடு, இந்த இடத்துக்குப் போ, இந்த எழுத்துகளைப் போடு, பிறகு இந்த அளவில் ஒரு செவ்வகம் வரைந்து கறுப்பால் நிரப்பு' என்று போகும். திறக்கும் மென்பொருள் மேலிருந்து கீழாக அவற்றை நிறைவேற்றுகிறது. பின்னால் வரைந்தது முன்னால் வரைந்ததை மூடுகிறது. கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனால் முதலில் போட்ட எழுத்து எங்கும் போவதில்லை. என் கோப்பின் அந்தப் பகுதியைப் பிரித்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட இப்படி இருந்தது (பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்):

```
BT
/F1 11 Tf
142 520 Td
(NAME) Tj
ET
0 0 0 rg
140 516 60 14 re
f
```

`BT`-க்கும் `ET`-க்கும் நடுவில் இருப்பது எழுத்து. `Tj` என்பதுதான் அதைப் போடச் சொல்லும் கட்டளை. அதற்குப் பிறகு வரும் `re`, `f` இரண்டும் என் கறுப்புக் கட்டம். நகலெடுக்கும்போது மென்பொருள் எழுத்துகளை மட்டும் சேகரிக்கிறது. அதன் மேல் என்ன வண்ணம் பூசப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. நான் பிரின்ட் கொடுத்து மறுபடி சேமித்தபோது நடந்தது ஒன்றே ஒன்று. அதுவரை தனிக் குறிப்பாக மேலே மிதந்துகொண்டிருந்த செவ்வகம், பக்கத்தின் கட்டளைகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டம் கெட்டியானது, அடியிலிருந்த பெயர் அப்படியே இருந்தது.

இந்தத் தவறு பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2005-இல் ஈராக்கில் இத்தாலிய உளவுத்துறை அதிகாரி நிக்கோலா கலிப்பாரி அமெரிக்கப் படையினரால் சுடப்பட்டு இறந்தது பற்றி அமெரிக்க ராணுவம் வெளியிட்ட அறிக்கையில், கறுப்படித்த பகுதிகளை நகலெடுத்து ஒட்டியே படித்துவிட்டார்கள். 2019 ஜனவரியில் டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்திலும் இதே கதைதான். நடுவில் 14 வருடம் ஓடியிருக்கிறது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அன்று இரவு முதலில் செய்தது, 41 பேருக்கும் செய்தி அனுப்பி அந்தக் கோப்பை அழிக்கச் சொன்னது. ஏன் என்று விவரமாகச் சொல்லவில்லை. 'கட்டத்துக்குக் கீழே பெயர் இருக்கிறது' என்று எழுதியிருந்தால் அதுவரை தெரியாதவர்களும் போய்ப் பார்த்திருப்பார்கள். 'பிழையான பதிப்பு, திறக்காமல் அழித்துவிடுங்கள், திருத்தியது வரும்' என்று மட்டும் எழுதினேன். அடுத்த நாள் காலை புகார் கொடுத்தவரை நேரில் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பேருக்குப் போச்சு?" நான் எண்ணைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த தடவை அனுப்புறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க" என்றார். காட்டுகிறேன் என்றேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து முறையாகக் கற்றுக்கொண்டேன்.

மறைப்பதும் நீக்குவதும் வேறு வேறு வேலை. நமக்கு வேண்டியது நீக்குவது. எழுத்தைப் போடும் கட்டளையே கோப்பிலிருந்து போக வேண்டும். கறுப்புக் கட்டம் அது இருந்த இடத்துக்கு வெறும் அடையாளம். இதைச் செய்யும் கருவிகளில் பெரும்பாலும் `Redact` என்ற பெயர் இருக்கும். அக்ரோபாட்டின் பணம் கட்டிப் பயன்படுத்தும் பதிப்பில் அது இருக்கிறது. மேக் கணினியில் பிரிவ்யூ மென்பொருளில் 2020-இல் வந்த பிக் சர் பதிப்பிலிருந்து இருக்கிறது. இலவசமான லிப்ரே ஆபிஸிலும் `Tools` பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது பக்கத்தையே படமாக மாற்றித் தருகிறது. அது நல்லதா கெட்டதா என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அக்ரோபாட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே வேலை இரண்டு படியாக நடக்கும். முதலில் நீக்க வேண்டிய இடத்தைக் குறிப்பது, பிறகு `Apply` கொடுப்பது. குறிப்பதோடு நிறுத்திக் கோப்பைச் சேமித்தால் எதுவும் நீங்கவில்லை. அந்த நிலையில் பக்கத்தில் கோடு போட்ட பெட்டிதான் தெரியும். `Apply` கொடுத்த பிறகே அது கறுப்பாகும். நூறு இடம் குறித்த களைப்பில் கடைசி அழுத்தலை மறந்துவிட வாய்ப்பு இருக்கிறது.

எனக்கு பைதான் கொஞ்சம் தெரியும் என்பதால் PyMuPDF நூலகத்தை எடுத்துக்கொண்டேன். அதிலும் இதே இரண்டு படிதான்.

```python
import pymupdf
doc = pymupdf.open("report.pdf")
page = doc[6]
r = pymupdf.Rect(140, 312, 200, 326)
page.add_redact_annot(r, fill=(0, 0, 0))
page.apply_redactions()
doc.save("out.pdf", garbage=4, deflate=True)
```

`doc[6]` என்பது ஏழாவது பக்கம். எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. நான்கு எண்களும் கட்டத்தின் மூலைகள்: இடது, மேல், வலது, கீழ். ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற கணக்கு. பக்கத்தின் மேல் இடது மூலையிலிருந்து அளக்க வேண்டும். மேலே காட்டிய பிடிஎஃப் கட்டளைகளில் அளவு கீழ் மூலையிலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் இரண்டிலும் எண்கள் வேறாக இருக்கின்றன.

இங்கே முதல் முயற்சியில் எனக்கு ஒன்று நடந்தது. கட்டத்தைத் தாராளமாக வரைந்துவிட்டேன். வெளிவந்த கோப்பில் பெயர் போயிருந்தது. அதற்கு மேல் வரியிலும் கீழ் வரியிலும் சில எழுத்துகள் சேர்ந்து காணாமல் போயிருந்தன. காரணம், ஓர் எழுத்துக்கு ஒதுக்கப்பட்ட இடத்தைக் கட்டம் லேசாகத் தொட்டாலும் அந்த எழுத்து முழுதாக நீக்கப்படுகிறது. பாதி எழுத்தை விட்டுவைப்பதைவிட இது பாதுகாப்பான நடத்தைதான். ஆனால் வரிகள் நெருக்கமாக இருந்தால் கட்டத்தை மேலும் கீழும் ஒன்றிரண்டு புள்ளி குறைத்துக்கொள்ள வேண்டும். நீக்கிய பிறகு, நீக்கக் கூடாதவை இருக்கின்றனவா என்றும் படித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்ததாக, தமிழில் ஆவணம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இதற்கு எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

24 பக்கத்தையும் கண்ணால் பார்த்துக் கட்டம் போடுவதைவிட, பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் இடங்களை எல்லாம் ஒரே மூச்சில் நீக்கிவிடலாம் என்று நினைத்தேன். கருவிகளில் அந்த வசதி உண்டு. தேடினேன். 'தொலைபேசி' என்ற சொல்லை வைத்து முதலில் சோதித்தபோது ஓர் இடம்கூட அகப்படவில்லை. ஆனால் அந்தச் சொல் என் கண் எதிரே பக்கத்தில் இருந்தது. அதை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். 'ெதாைலேபசி' என்று வந்தது.

தமிழ் பிடிஎஃப்-இலிருந்து எதையாவது நகலெடுத்தவர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானதுதான். யூனிகோடில் 'தொ' என்று எழுதும்போது முதலில் த, பிறகு அதன் உயிர்க்குறி என்று சேமிக்கப்படுகிறது. பிடிஎஃப்-இல் இருப்பதோ எழுத்து அல்ல, எழுத்தின் வடிவம். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் கொம்பு, பிறகு த, பிறகு கால் என்று மூன்று வடிவங்கள் இடமிருந்து வலமாக அடுக்கப்படுகின்றன. அவற்றைத் திரும்ப யூனிகோடாக மாற்ற வேண்டிய அட்டவணை கோப்பில் சரியாக இல்லாவிட்டால் வடிவ வரிசையே வெளிவருகிறது. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஒலி வரும் எந்த உயிர்மெய்யும் இப்படி உடையலாம். நீக்க வேண்டிய பெயரில் அப்படி ஓர் எழுத்து இருந்தால் தேடல் அதைத் தாண்டிப் போய்விடும். தேடல் 'எதுவும் இல்லை' என்று சொன்னதால் பெயர் இல்லை என்று நம்பிவிடக் கூடாது.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணம் என்றால் நிலைமை இன்னும் விசித்திரம். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுத்தால் `jkpo;` என்று வரும். எங்கள் அறிக்கையின் ஒரு பின்னிணைப்பு அப்படித்தான் இருந்தது. அதைப் பார்த்த ஒருவர், "நகலெடுத்தா வெறும் குப்பைதானே வருது, அப்புறம் கட்டமே போதுமே" என்றார். போதாது. அந்தக் 'குப்பை'யை எடுத்து ஒட்டி, எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினால் பெயர் தெளிவாக வந்து நிற்கும். எழுத்துரு மாற்றித் தரும் கருவிகளும் ஏராளம். உடைந்து வரும் யூனிகோடும் அப்படித்தான்: 'ெதாைலேபசி' என்பதைத் தமிழ் தெரிந்த யாரும் படித்துவிடுவார்கள். இயந்திரத்துக்குப் புரியாதது மனிதருக்கும் புரியாது என்று எண்ணுவது பெரிய ஆபத்து.

அதனால் தேடலைத் துணையாக மட்டும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று வடிவங்களைத் தேடினேன்: சரியான வடிவம், உடைந்த வடிவம், பாமினி வடிவம். பிறகு அறிக்கையைத் தாளில் அச்சடித்து, நானும் இன்னொருவரும் தனித்தனியாகப் படித்துப் பேனாவால் வட்டமிட்டோம். இருவரின் வட்டங்களையும் ஒப்பிட்டபோது நான் தவறவிட்டது இரண்டு. ஒன்று, வரி முடிவில் பாதியாக உடைந்து அடுத்த வரிக்குப் போன பெயர். இன்னொன்று, 'அவருடைய' என்று வர வேண்டிய இடத்தில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டி, கடைசி எழுத்து மாறிப்போயிருந்தது. 'ம்' என்று முடியும் சொல் 'த்தின்' என்று ஆகும்போது தேடலுக்கு அது வேறு சொல். தமிழில் இது எப்போதும் நடக்கும்.

கடைசி மூன்று பக்கங்கள் வேறு மாதிரி. புகார்க் கடிதத்தை ஸ்கேன் செய்து சேர்த்திருந்தோம். படம்தானே, அதில் எழுத்து ஏது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஸ்கேன் செய்யும் மென்பொருள் நமக்கு உதவி செய்வதாக நினைத்து, படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து அடுக்கைப் படத்தோடு சேர்த்து வைத்துவிடுகிறது. ஸ்கேன் செய்த கோப்பில் நம்மால் சொற்களைத் தேட முடிவது அதனால்தான். படத்தில் கறுப்படித்தாலும் அந்த அடுக்கில் பெயர் அப்படியே இருக்கும். இதில் இன்னொரு நுணுக்கம்: தாள் லேசாகச் சாய்ந்து ஸ்கேன் ஆகியிருந்தால், தெரியாத எழுத்து தெரியும் எழுத்துக்கு நேர் மேலே இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். கண்ணால் பார்த்துப் போட்ட கட்டம் படத்திலுள்ள பெயரை மூடிவிடும்; தெரியாத பெயரின் பாதி வெளியே நிற்கும். எங்கள் கோப்பில் ஒரு தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அப்படித் தப்பி நின்றன.

இந்தப் பக்கங்களுக்கும் பாமினிப் பின்னிணைப்புக்கும் நான் கையாண்டது வேறு வழி. கட்டம் போட்ட பக்கத்தை முழுக்கப் படமாக்கி, படங்களை மட்டும் வைத்துப் புதிய பிடிஎஃப் செய்தேன்.

```
pdftoppm -r 200 -png boxed.pdf page
img2pdf page-*.png -o final.pdf
```

இப்படிச் செய்தால் எழுத்து, தெரியாத அடுக்கு, எழுத்துரு எல்லாம் போய்விடும். மிஞ்சுவது நிறப் புள்ளிகள் மட்டும். கட்டம் உண்மையிலேயே முழுக் கறுப்பாக இருந்தால் அடியில் எதுவும் இல்லை. 'உண்மையிலேயே' என்று சொல்லக் காரணம் உண்டு. போனில் ஹைலைட்டர் பேனாவைக் கறுப்பாக்கி இரண்டு மூன்று முறை தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது பார்க்கத்தான் கறுப்பு. ஒளி ஊடுருவும் மை என்பதால், படத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் எழுத்து மேலே வந்துவிடும். செவ்வகத்தின் நிரப்பு அடர்த்தி 100 சதவீதமா என்று பார்த்த பிறகே படமாக்க வேண்டும்.

இந்த வழியின் குறை, திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு அந்தப் பக்கங்கள் வெறும் ஊமைப் படங்கள். எங்கள் உறுப்பினர்களில் ஒருவர் அப்படிப்பட்டவர். அதனால் 24 பக்கத்தையும் படமாக்க எனக்கு மனம் வரவில்லை. எழுத்தாக இருந்த பக்கங்களை முறையான நீக்கத்தில் விட்டேன். படமான பக்கங்களுக்கு, நீக்கம் முடிந்த பிறகு, மறுபடி எழுத்து அடையாளம் காணும் மென்பொருளைக் கொடுத்துப் புதிய எழுத்து அடுக்கு சேர்த்தேன். அப்போது அது கறுப்புக் கட்டத்தைத்தான் பார்க்கும், பெயரைப் பார்க்க வழியில்லை. வரிசை முக்கியம்: முதலில் நீக்கம், பிறகே அடையாளம் காணுதல்.

பக்கங்கள் சுத்தமான பிறகும் பெயர் இரண்டு இடத்தில் மிஞ்சியிருந்தது. ஒன்று, இடப்பக்கம் திறக்கும் உள்ளடக்கப் பட்டியல். 'இன்னாரின் வாக்குமூலம்' என்று நாங்கள் வைத்த தலைப்பு அங்கே தானாகவே போய் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று, கோப்பின் பண்புகளில் உள்ள தலைப்பு. மூல ஆவணத்துக்கு யாரோ முதலில் வைத்த பெயரில் புகார் கொடுத்தவரின் பெயர் இருந்திருக்கிறது. பக்கத்தில் கட்டம் போடுவதால் இவை மாறாது. சேமிப்பதற்கு முன் இந்த மூன்று வரிகளைச் சேர்த்தேன்:

```python
doc.set_toc([])
doc.set_metadata({})
doc.del_xml_metadata()
```

அக்ரோபாட்டில் இதற்கு `Sanitize Document` என்ற வசதி இருக்கிறது. கருத்துக் குறிப்புகள், இணைப்புக் கோப்புகள், படிவத்தில் நிரப்பியவை எல்லாவற்றையும் அது சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்.

சேமிக்கும் விதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிடிஎஃப்-இல் மாற்றம் செய்து சேமிக்கும்போது, சில மென்பொருள்கள் பழைய கோப்பை அப்படியே வைத்துவிட்டு, மாற்றத்தை மட்டும் கடைசியில் ஒட்டுகின்றன. டிஜிட்டல் கையெழுத்து கெடாமல் இருக்க அது தேவையான வசதி. நமக்கோ அது ஆபத்து, ஏனென்றால் பழைய பக்கம் கோப்பின் வயிற்றில் உயிரோடு இருக்கும். ஒட்டிய பகுதியை வெட்டி எறிந்தால் முந்தைய பதிப்பு திரும்பி வந்துவிடும். என் ஒரு முயற்சியில் எழுத்துகளை நீக்கிய பிறகு கோப்பின் அளவு கூடியிருந்தது. அதைப் பார்த்துதான் எனக்குச் சந்தேகமே வந்தது. ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் கடைசியில் `%%EOF` என்று ஒரு வரி சேரும். அதை எண்ணிப் பார்க்கலாம்:

```
grep -a -c "%%EOF" out.pdf
```

ஒன்று என்று வந்தால் நல்லது. இரண்டு வந்தால் உடனே பயப்பட வேண்டாம். இணையத்தில் வேகமாகத் திறக்கும்படி அமைத்த கோப்பில் இயல்பாகவே இரண்டு இருக்கும். எதுவாக இருந்தாலும் கோப்பைப் புதிதாக எழுதவைத்துவிடுவது எளிது. `qpdf out.pdf clean.pdf` என்று கொடுத்தால், இப்போது பயன்பாட்டில் இருப்பவற்றை மட்டும் எடுத்துப் புதுக் கோப்பு செய்கிறது. பழைய பக்கம் அதில் வராது. மேலே உள்ள பைதான் வரியில் `garbage=4` என்று கொடுத்ததும் இதற்காகத்தான்.

சரி, இத்தனையும் செய்த பிறகு நம்புவது எப்படி? நான் முதலில் கோப்பை நேரடியாக `grep` கொடுத்துப் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை, நிம்மதி அடைந்தேன். அது பொய்யான நிம்மதி. பிடிஎஃப்-இன் உள்ளடக்கம் பெரும்பாலும் சுருக்கிச் சேமிக்கப்பட்டிருக்கும். பெயர் இருந்தாலும் அப்படித் தேடினால் தெரியாது. சோதனை சரியா என்று தெரிய, பெயர் நிச்சயமாக இருக்கும் மூலக் கோப்பில் அதை ஓட்டிப் பார்த்தேன். அதிலும் 'இல்லை' என்றே வந்தது. அன்றிலிருந்து எந்தச் சோதனையையும் முதலில் மூலத்தில் ஓட்டி, அது பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நீக்கிய கோப்பில் ஓட்டுகிறேன்.

சரியான சோதனை, எழுத்தை வெளியே எடுத்துப் பார்ப்பது.

```
pdftotext -layout clean.pdf clean.txt
qpdf --qdf --object-streams=disable clean.pdf look.pdf
```

முதல் கட்டளை பக்கங்களில் உள்ள எல்லா எழுத்தையும் உரையாக்குகிறது, தெரியாத அடுக்கு உட்பட. அதைத் திறந்து ஆரம்பம் முதல் கடைசி வரை படிக்கிறேன். 24 பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். இரண்டாவது, சுருக்கத்தைப் பிரித்து, உரைத் திருத்தியில் திறந்து பார்க்கக்கூடிய கோப்பாகத் தருகிறது. அதில் கட்டம் இருந்த பக்கத்துக்குப் போய், `re` வரிக்கு முன்னால் அதே இடத்தில் எழுத்தைப் போடும் கட்டளை ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கிறேன். கட்டளையெல்லாம் வேண்டாம் என்பவர்கள், கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒரு வெற்று உரைக் கோப்பில் ஒட்டிப் படித்தாலே பெரும்பாலானவை பிடிபட்டுவிடும். அன்று நான் அனுப்புவதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் ஏழாம் பக்கத்துப் பெயர் என் கண்ணிலேயே பட்டிருக்கும்.

கட்டத்தின் அகலமும் பேசும் என்பது கடைசியாகப் புரிந்தது. எங்கள் அறிக்கையில் மூன்று பேருக்கும் பெயர் நீளம் வேறு வேறு. ஒருவருக்கு மிகச் சின்னப் பெயர், இன்னொருவருக்கு நீளமான பெயர். பெயருக்கு அளவெடுத்த மாதிரி கட்டம் இருந்தால், அந்தப் பிரிவில் வேலை செய்யும் பத்துப் பேரின் பெயர்களை வைத்துக்கொண்டு, எது பொருந்துகிறது என்று பார்ப்பது கடினமான வேலை அல்ல. எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுவதால் பொருத்தம் இன்னும் துல்லியமாகிறது. கட்டத்தை மட்டும் நீட்டினாலும் போதாது. சுற்றியுள்ள சொற்கள் நகராமல் நிற்பதால் இடைவெளியின் அளவு தெரிந்துவிடும். இதற்கு நல்ல வழி, மூல ஆவணத்துக்கே திரும்பிப் போவது. பெயர் வரும் இடங்களில் எல்லாம் 'புகார்தாரர்', 'சாட்சி 1', 'சாட்சி 2' என்று மாற்றி எழுதிப் புதிய பிடிஎஃப் செய்தால், நீக்க வேண்டியதே பாதியாகக் குறைந்துவிடும். மூல ஆவணம் கையில் இருந்ததால் முதல் 18 பக்கங்களுக்கு நான் கடைசியில் அதைத்தான் செய்தேன். முன்பே செய்திருக்க வேண்டியது. மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதி அந்த ஆவணத்தில் அணைக்கப்பட்டிருக்கிறதா, பழைய திருத்தங்கள் ஏற்கப்பட்டுவிட்டனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பதாவது நாள் புதிய கோப்பு தயாரானது. வாக்குக் கொடுத்தபடி முதலில் புகார் கொடுத்தவரிடம் கொண்டுபோனேன். மடிக்கணினியில் திறந்து கொடுத்தேன். அவர் ஏழாம் பக்கத்துக்குப் போய், வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து ஒட்டிப் பார்த்தார். 'புகார்தாரர்' என்று வந்தது. பிறகு முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 16-ஆம் பக்கம் வந்ததும் நிறுத்தி, ஒரு வரியில் விரலை வைத்தார். 'இரவுப் பணியில் இருந்த ஒரே பெண் ஊழியர்' என்று அங்கே எழுதியிருந்தது.

"இது நான்தான்னு எல்லாருக்கும் தெரியுமே" என்றார்.

அந்த வரியை அங்கேயே மாற்றினோம். கோப்பைத் திரும்ப முதலிலிருந்து சோதித்து, மறுநாள் காலை அனுப்பினேன்.